கார் காப்புறுதிப் பிரீமியம்: என்.சி.பி., மேலதிகக் காப்பு, வரி – வன்னி வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“எனக்கு 50 வீதம் என்.சி.பி. இருக்கு எண்டு கொம்பனி சொல்லுது. அப்ப ஏன் பாதிக் காசு வரேல்ல?”

என்.சி.பி. என்பது கிளெய்ம் எடுக்காமல் ஓடிய வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு. அது முழு பில்லிலும் கழிவதில்லை. அடிப்படைப் பிரீமியம் என்ற ஒரு தொகையில் மட்டும்தான் கழியும். வெள்ளக் காப்பு, முன்கண்ணாடிக் காப்பு, கலவரம் மற்றும் பயங்கரவாதக் காப்பு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு முழுத் தொகையாகவே சேரும். கடைசியில் அந்த மொத்தத்தின் மேல் வரி விழும்.

40 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்த ஒரு சிறிய தனியார் காரை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள அடிப்படை வீதமும் மேலதிகக் காப்புத் தொகைகளும் விளக்கத்துக்காக எடுத்தவை. கொம்பனிக்குக் கொம்பனி மாறும். கணக்கின் ஓட்டத்தைப் பாருங்கள்.

```
அடிப்படைப் பிரீமியம் (40 இலட்சத்தில் 3%)   120,000
எம்.ஆர். கழிவு 10%                         - 12,000
மீதி                                        108,000
என்.சி.பி. 50%                             - 54,000
மீதி                                         54,000
மேலதிகக் காப்புகள், எல்லாம் சேர்த்து        + 17,000
நிர்வாகக் கட்டணம்                           + 1,000
வரிக்கு முன்                                 72,000
எஸ்.எஸ்.சி.எல். 2.5%                        + 1,800
மீதி                                         73,800
வற் 18%                                    + 13,284
கட்ட வேண்டியது                               87,084
```

இதே காருக்கு என்.சி.பி. எதுவும் இல்லாவிட்டால் வரிக்கு முந்திய தொகை 126,000 ரூபா. வரியெல்லாம் சேர்ந்து 152,397 ரூபா வரும். அப்படிப் பார்த்தால் 50 வீத என்.சி.பி. உங்களுக்கு மிச்சப்படுத்தியது 65,313 ரூபா. அது முழு பில்லில் ஏறக்குறைய 43 வீதம். மேலதிகக் காப்புகளை எவ்வளவுக்குக் கூட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு இந்த 43 இன்னும் கீழே இறங்கும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கின் அமைப்பே அதுதான்.

காப்புறுதிப் பத்திரத்தோடு வரும் விபரத்தாளான ஷெட்யூலில் எம்.ஆர். என்று போட்டிருப்பது கொம்பனி தன் விருப்பத்தில் தரும் கழிவு. என்.சி.பி. நீங்கள் கிளெய்ம் எடுக்காமல் ஓடிச் சம்பாதித்தது. இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் பலர் ஒன்றாகக் கூட்டி “60 வீதம் கழிவு” என்று நினைக்கிறார்கள். ஒன்று கழிந்த மீதியில்தான் மற்றது கழியும். மேலே உள்ள கணக்கில் 120,000 இல் 60 வீதம் கழிந்திருந்தால் 48,000 மிஞ்சியிருக்கும், மிஞ்சியது 54,000.

“வரி எண்டு எதெது எடுக்கிறாங்கள்? வரிக்கு மேல வரி போடுறது சரியா?”

வாகனக் காப்புறுதி பொதுக் காப்புறுதி வகையைச் சேர்ந்தது. அதற்கு வற் உண்டு. ஆயுள் காப்புறுதிக்கு இல்லை. வற் 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். எஸ்.எஸ்.சி.எல். என்ற சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2022 ஒக்டோபர் 1 முதல் 2.5 வீதமாக நடைமுறையில் உள்ளது. எஸ்.எஸ்.சி.எல்.ஐச் சேர்த்த பிறகுதான் வற் கணக்கிடுவார்கள். ஆகவே வரிக்கு முன்னுள்ள ஒவ்வொரு ரூபாவும் உங்கள் கையிலிருந்து 1.2095 ரூபாவாகப் போகிறது. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கீழே திரும்பத் தேவைப்படும்.

சில பில்களில் எஸ்.எஸ்.சி.எல். 2.5641 வீதமாக இருக்கும். கொம்பனி வரியையும் உள்ளடக்கிய வருமானத்தில் 2.5 வீதம் கட்டுவதால் அப்படித் திருப்பிப் பெருக்கி எடுக்கிறது. மேலே உள்ள காருக்கு அதனால் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 50 ரூபா. அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. வீதிப் பாதுகாப்பு நிதியத்துக்கான ஒரு சிறு தொகையும் பில்லில் தெரியும். கணக்கை மாற்றும் அளவு இல்லாததால் இங்கே விட்டிருக்கிறோம்.

பில்லில் எஸ்.ஆர்.சி.சி., டி.சி. என்று வரும் இரண்டு தொகைகளும் வரி அல்ல. முதலாவது வேலைநிறுத்தம், கலவரம், மக்கள் குழப்பம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கான காப்பு. இரண்டாவது பயங்கரவாதச் செயலால் வருவதற்கு. அந்தப் பணம் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. ஆகவே அந்த இரண்டிலும் கழிவு கேட்டுப் பேரம் பேசிப் பயனில்லை. பேரம் பேசக்கூடிய இடங்கள் அடிப்படை வீதம், எம்.ஆர்., கொம்பனியின் சொந்த மேலதிகக் காப்புகள்.

“இந்த முறை என்.சி.பி. 50இல இருந்து 55ஆ ஏறியிருக்கு. ஆனா பில் குறையவே இல்லை. எங்க பிழை?”

பில்லில் என்.சி.பி.க்கு மேலே உள்ள தொகைகளைப் பாருங்கள். அனேகமாக எம்.ஆர். காணாமல் போயிருக்கும், அல்லது காரின் பெறுமதி கூட்டப்பட்டிருக்கும்.

அதே 40 இலட்சம் காரில் அடிப்படை 120,000. எம்.ஆர். இல்லை. அதில் 55 வீதம் என்.சி.பி. கழிந்தால் மீதி 54,000. போன வருடமும் அதே 54,000. ஒரு வருடம் விபத்தில்லாமல் ஓடியதற்கு உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, என்.சி.பி. ஏறிய அளவுக்குக் கொம்பனி எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டது. புதுப்பித்தல் கடிதத்தில் என்.சி.பி. வீதம் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும் என்பதால் இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

மற்றது பெறுமதி. 40 இலட்சத்தை 50 இலட்சமாக மாற்றினால் அடிப்படை 150,000, எம்.ஆர். 10 வீதம் தொடர்ந்து தந்தாலும் மீதி 135,000. அதில் 55 வீதம் போனால் 60,750. என்.சி.பி. ஏறியும் அடிப்படை 6,750 ரூபா கூடிவிட்டது. இது பிழை என்று சொல்ல முடியாது, பெறுமதி உண்மையில் ஏறியிருந்தால்.

புதுப்பித்தல் கடிதம் வந்ததும் போன வருட ஷெட்யூலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். காப்புறுதித் தொகை, அடிப்படை, எம்.ஆர்., என்.சி.பி. ஆகிய நான்கையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எம்.ஆர். குறைந்திருந்தால் கிளைக்குப் போய் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். பத்திரம் முடிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் கேட்டால்தான் வேறு கொம்பனியின் விலையையும் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். கடைசி நாளில், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும் அவசரத்தில் கேட்டால், சொன்ன விலைக்குத்தான் கட்ட வேண்டிவரும்.

“கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஓடுற காருக்கு எந்த மேலதிகக் காப்பு உண்மையில தேவை?”

வெள்ளக் காப்பு கட்டாயம் வேண்டும். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கும்போது குளங்கள் வான் பாய்ந்து வீதியை மூடுவது இங்கே புதிதல்ல. 2018 டிசம்பரில் இரணைமடுத் தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில கொம்பனிகள் இதை “இயற்கை அனர்த்தம்” என்ற பெயரில் முழுக் காப்புறுதிக்குள்ளேயே தருகின்றன. சிலவற்றில் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். “புல் இன்சூரன்ஸ்தானே” என்று நம்பி இருக்காமல் ஷெட்யூலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளக் காப்பு இருந்தும் கிளெய்ம் தடைப்படும் ஓர் இடம் உண்டு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றை அமுக்குவது போலத் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். அந்த எஞ்சின் சேதம் வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது என்று கொம்பனி வாதிட இடம் கிடைக்கும். தண்ணீர் வற்றிய பிறகும் சாவியைத் தொடாதீர்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். கதவில், இருக்கையில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்துவிட்டுக் கொம்பனிக்கு அழையுங்கள். கராஜுக்குக் கட்டி இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும்.

அதனால் இழுவைக் கட்டணக் காப்பும் இங்கே பிரயோசனமானது. ஆனால் அதன் உச்ச வரம்பைக் கேளுங்கள். ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ கார் நின்றால், கொம்பனி ஏற்றுக்கொண்ட கராஜ் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கக்கூடும். நகரத்துக்குள் இழுப்பதை மனதில் வைத்துப் போட்ட வரம்பு அந்தத் தூரத்துக்குக் காணாது.

கல் தெறிக்கும் கிரவல் வீதிகளில் ஓடுபவர்களுக்கு முன்கண்ணாடிக் காப்பு நல்லது. இதில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கண்ணாடிக்கு மட்டும் கிளெய்ம் எடுத்தால் என்.சி.பி. குறையுமா? குறையாது என்று எழுத்தில் தந்தால் எடுங்கள். குறையும் என்றால் அந்தக் காப்புக்குக் காசு கட்டுவதில் பெரிய அர்த்தமில்லை. கண்ணாடியை நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

மாட்டில் மோதினாலும், இரவில் யானையில் மோதினாலும் உங்கள் காரின் சேதம் முழுக் காப்புறுதியின் சாதாரண விபத்துக்குள் வரும். அதற்கென்று தனிக் காப்பு விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு சதமும் கிடைக்காது, என்.சி.பி. பற்றிய இந்தப் பேச்சும் அவருக்குப் பொருந்தாது.

“முறிகண்டிக்குக் கிட்ட மாடு குறுக்க வந்து பம்பர், ஹெட்லைட் உடைஞ்சிட்டுது. கிளெய்ம் எடுக்கவோ, கையால செய்யவோ?”

முதலில் கொம்பனி தரப்போகும் தொகையைக் கணக்கிடுங்கள். கராஜ் பில் அல்ல. கராஜ் 48,000 ரூபா சொல்கிறது என்று வைப்போம். உங்கள் பத்திரத்தில் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு விபத்திலும் உங்கள் கையால் போக வேண்டிய முதல் தொகை, 10,000 என்றால் அது கழியும். பழைய பாகத்துக்குப் புதிய பாகம் போடுவதற்கான தேய்மானமாக இன்னொரு 8,000 கழித்தால் உங்களுக்குக் கிடைப்பது 30,000.

இனி இழப்பைப் பாருங்கள். மேலே காட்டிய காரில் என்.சி.பி. கழிவது 108,000 ரூபாவில். கிளெய்ம் எடுக்காவிட்டால் அடுத்த மூன்று வருடமும் 55, 60, 60 வீதம் என்றும், எடுத்தால் 30, 40, 50 என்றும் உங்கள் கொம்பனியின் படிமுறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருட வித்தியாசம் 25 வீதம், 27,000 ரூபா. வரியோடு, அதாவது 1.2095 ஆல் பெருக்கினால், 32,656. இந்த ஒரு வருடத்திலேயே கிடைத்த 30,000 போய்விட்டது. இரண்டாம் வருடம் 20 வீதம், வரியோடு 26,125. மூன்றாம் வருடம் 10 வீதம், 13,062. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 71,844 ரூபா. முப்பதாயிரத்தை வாங்கி எழுபத்தோராயிரத்தைக் கொடுக்கிறீர்கள். கையால் செய்யுங்கள்.

இந்தக் காருக்கு, இந்தப் படிமுறையில், கொம்பனி தருவது 72,000 ரூபாவைத் தாண்டினால்தான் கிளெய்ம் இலாபம். சில கொம்பனிகளில் ஒரு கிளெய்முடன் என்.சி.பி. நேரே பூச்சியத்துக்குப் போகும். அப்படியானால் முதல் வருடத்திலேயே 55 வீதமும் போய் அதே 71,844 இழப்பு வரும். அடுத்த வருட இழப்புகள் அதன் மேல். ஆகவே உங்கள் கொம்பனியின் படிமுறை அட்டவணையை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். விபத்து நடந்த அன்று, வீதியோரத்தில் நின்று கேட்க முடியாது.

சேதம் சில இலட்சங்கள் என்றால் யோசிக்கத் தேவையில்லை, எடுங்கள். அதற்காகத்தான் இத்தனை வருடம் கட்டினீர்கள்.

கிளெய்ம் எடுப்பதா இல்லையா என்பது வேறு, அறிவிப்பது வேறு. ஆளுக்குக் காயம் என்றாலோ வேறு வாகனம் சம்பந்தப்பட்டாலோ பொலிசுக்கும் கொம்பனிக்கும் உடனே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு உங்கள் காரின் திருத்தச் செலவைக் கேட்காமல் விடலாம், “கொடுப்பனவு எதுவும் பெறப்படவில்லை, என்.சி.பி. பாதிக்கப்படாது” என்று கிளையிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்காவிட்டால் கோப்பு திறந்தபடி இருக்கும். புதுப்பிக்கும்போது கணினி அதைக் கிளெய்ம் என்று எடுத்துக் கழிவைக் குறைத்துவிடும். என்.சி.பி. தகராறு இப்படித் தொடங்குவது சாதாரணம்.

மாட்டுக்காரர் அந்த இடத்திலேயே காசு கேட்டால், கொம்பனி திருப்பித் தரும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். கொம்பனியின் சம்மதமில்லாமல் பிழையை ஏற்பதும் பணம் கொடுப்பதும் பத்திரத்தின் நிபந்தனைக்கு மாறானது. ஊருக்குள் முகம் பார்க்க வேண்டியவர் என்பதால் நீங்களாகக் கொடுக்க விரும்பினால், அது உங்கள் சொந்தக் காசு என்று தெரிந்து கொடுங்கள்.

“பிரீமியத்தைக் குறைக்கக் காரின்ர பெறுமதியைக் குறைச்சுப் போட்டால் என்ன?”

குறையும், ஆனால் சின்ன விபத்திலேயே அடி விழும். சந்தையில் 50 இலட்சம் போகும் காரை 40 இலட்சத்துக்குப் போட்டால் நீங்கள் ஐந்தில் நான்கு பங்கைத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். பத்திரத்தில் குறைகாப்புறுதி நிபந்தனை இருந்தால் 2 இலட்சம் ரூபாச் சேதத்துக்கு 160,000 தான் தருவார்கள். எக்ஸஸ், தேய்மானம் தனியாகப் போகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. பழைய விலையை அப்படியே வைத்துப் புதுப்பித்து வருபவர்கள் இப்போது ஒருமுறை விலை பார்க்கத்தான் வேண்டும். கூடுதலாகப் போடுவதிலும் நன்மை இல்லை: கார் முற்றாக அழிந்தால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் கிடைக்கும், கூட்டிப் போட்ட தொகைக்குக் கட்டிய பிரீமியம் வீண்.

குறைக்க விரும்பினால் எக்ஸஸைக் கூட்டுங்கள். கையால் செய்யப் போகிற சின்னச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் எடுக்கப் போவதில்லை. எக்ஸஸைக் கூட்டினால் அடிப்படைப் பிரீமியத்தில் எவ்வளவு குறையும் என்று கேட்டு, அதை 1.2095 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

“கொம்பனி மாத்தினால், இல்லாட்டி காரை வித்தால் என்.சி.பி. போயிடுமோ?”

என்.சி.பி. விபத்தில்லாமல் ஓடிய உரிமையாளருக்கானது. காரை வாங்கியவருக்கு உங்கள் என்.சி.பி. போகாது, விற்றவர் சொன்ன பிரீமியத்தை நம்பிக் கார் வாங்குபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். கொம்பனி மாற்றும்போது பழைய கொம்பனியிடம் என்.சி.பி. உறுதிக் கடிதம் எடுங்கள். அதில் வாகன இலக்கம், பத்திர இலக்கம், காலம், வீதம், கிளெய்ம் விபரம் எல்லாம் இருக்க வேண்டும்.

கடிதம் இல்லாமல் “60 வீதம் போட்டுத் தாறன்” என்று முகவர் சொன்னால், அது எம்.ஆர்.ஆ, என்.சி.பி.யா என்று கேளுங்கள். என்.சி.பி. என்று எழுதி, உண்மையில் போன வருடம் நீங்கள் கிளெய்ம் எடுத்திருந்தால், பெரிய விபத்தொன்றில் கோப்பைக் கிண்டும்போது அந்தப் பொய்த் தகவல் உங்கள் கையெழுத்தோடு முன்னால் வரும். முகவர் அன்று பக்கத்தில் நிற்கமாட்டார்.

லீசிங் காரென்றால் கொம்பனி மாற்ற முன்னர் லீசிங் நிறுவனத்திடம் சம்மதம் கேளுங்கள். பத்திரம் முடிந்து இடைவெளி விட்டால் என்.சி.பி.யை எவ்வளவு காலம் காப்பாற்றுவார்கள் என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். கார் கொஞ்சக் காலம் ஓடாமல் நிற்கப் போகிறதென்றால் அதை முன்னரே கேளுங்கள்.

“கிளெய்ம் எடுக்காமலே என்.சி.பி.யை வெட்டிப் போட்டாங்கள். ஆரிட்டப் போறது?”

முதலில் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்தத் திகதிக் கிளெய்முக்காக வெட்டினீர்கள், அதற்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று. அனேகமாக மூடப்படாத அறிவிப்புக் கோப்பொன்று வெளியே வரும். மேலே சொன்ன கடிதம் கையில் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அதே கடிதத்தின் பிரதியைக் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர்களின் இறுதிப் பதிலும் பிடிக்காவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

இதற்கிடையில் பத்திரத்தை முடியவிடாதீர்கள். கேட்ட தொகையைக் கட்டிப் புதுப்பித்துவிட்டு, “என்.சி.பி. தொடர்பான எதிர்ப்புடன் கட்டப்பட்டது” என்று ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் கிளையின் முத்திரையை வாங்குங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், வெட்டிய தொகையை எஸ்.எஸ்.சி.எல்., வற் இரண்டும் சேர்த்தே திருப்பிக் கேளுங்கள். 54,000 ரூபா கழிவை வெட்டியிருந்தால் கேட்க வேண்டியது 65,313 ரூபா.